ஒரு கார், ரெண்டு போன்: ஸ்டார்ட் பண்ணினா வீட்டுக்குள்ள இருக்கிற போன் முதல்ல இணையுது

வடவள்ளி_கதிர்

வணக்கம். காரோடு வந்த 8 இன்ச் திரை. கேபிள் போட்டால் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே ரெண்டும் வரும், ஒயர்லெஸ் கிடையாது. புளூடூத்தில் ரெண்டு போன் ஒரே நேரத்தில் நிற்கும். என்னுடையது ஆண்ட்ராய்டு, மனைவியுடையது ஐபோன். திங்கள் முதல் வெள்ளி வரை நான் ஓட்டுறேன், சனிக்கிழமை அவங்க.

பிரச்சனை இதுதான். காலையில் போர்ட்டிகோவில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினா, சமையலறையில் இருக்கிற அவங்க போன் காரில் இணைஞ்சிடுது. அவங்க அங்கே போனை எடுத்து "ஹலோ" சொன்னா, எதிர்முனைக் குரல் என் ஸ்பீக்கரில் வருது. திரையில் அவங்க காண்டாக்ட்ஸ். சில நாள் மட்டும் ஒழுங்கா என் போன் முதல்ல வருது. அது ஏன்னு புரியலை. எந்த போன் முதல்ல வரணும்னு நிரந்தரமா சொல்லி வைக்க வழி இருக்கா?

ரேடியோ_ராஜா

புளூடூத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு போன்தான் வேலை செய்யும் நண்பா. ரெண்டு காட்டினாலும் ஒண்ணு சும்மா பேருக்கு. மேடம் போனில் புளூடூத்தை ஆஃப் பண்ணிடுங்க, முடிஞ்சது. இல்லேன்னா அவங்க போனை லிஸ்ட்ல இருந்து டெலீட் பண்ணிட்டு சனிக்கிழமை மறுபடி பேரிங் பண்ணிக்கலாம்.

வயரிங்_செல்வம்

ராஜா சொன்னது பாதி சரி. பாட்டுக்கு ஒரு போன்தான். கால் பேசறதுக்கு அப்படி இல்லை. கால் ஒரு சேவை, பாட்டு ஒரு சேவை, காண்டாக்ட்ஸ் எடுக்கிறது இன்னொரு சேவை. மூணும் தனித்தனியா இணையும், தனித்தனியா அறுந்தும் போகும். ரெண்டு போன் நிற்கும்னு சொல்ற யூனிட்டில் பொதுவா ரெண்டிலிருந்தும் கால் வரும், பாட்டு மட்டும் ஒண்ணுல இருந்து. லிஸ்ட்ல போன் பேருக்குப் பக்கத்தில் ஒரு ரிசீவர் படமும் ஒரு இசைக்குறி படமும் இருக்கும் பாருங்க. எது எரியுதோ அந்தச் சேவை மட்டும் இணைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

கதிர், ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, சாயந்திரம் வீட்டுக்கு வந்து போர்ட்டிகோவில் நிறுத்தினதும், சாவியை அணைக்கிறதுக்கு முன்னாடி திரையில் எத்தனை போன் இணைஞ்சிருக்கு? ரெண்டு, ஒழுங்கா இணையுற அந்த "சில நாள்" காலையில் மனைவி வீட்டில் இருந்தாங்களா?

வடவள்ளி_கதிர்

ரெண்டையும் பார்த்தேன். நேத்து சாயந்திரம் கேட்டுக்குள்ள நுழையும்போது என் போன் மட்டும். நிறுத்திட்டு சீட்ல உட்கார்ந்து ஒரு நிமிஷம் பார்த்தேன், ரெண்டாவதா அவங்க போனும் வந்து சேர்ந்துச்சு. இன்னிக்குக் காலையில் மறுபடி அவங்க போன்தான் முதல்ல.

ரெண்டாவது கேள்வி... ஆமா! அவங்க காலை 6 மணிக்கு நடைப்பயிற்சிக்குப் போகிற நாளில் மட்டும்தான் சரியா இருக்கு.

வயரிங்_செல்வம்

அப்போ யூனிட் ஒழுங்காத்தான் வேலை செய்யுது, அது பின்பற்றுற விதிதான் உங்களுக்கு ஒத்துவரலை.

சாவி திருப்பினதும் பெரும்பாலும் கார்தான் போனைத் தேடிக் கூப்பிடும். லிஸ்ட்ல இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வரலைன்னா சில வினாடி காத்திருந்துட்டு அடுத்த ஆளுக்குப் போகும். முதல்ல யாரைக் கூப்பிடணும்ங்கிறதுதான் விதி. நிறைய யூனிட்டில் ஆலையில் வச்சு அனுப்புற விதி, "கடைசியா இணைஞ்சது யாரோ அவர் முதல்ல".

உங்க வீட்டில் நடக்கிறதைப் பாருங்க. சாயந்திரம் நீங்க வர்றப்போ உங்க போன் இணைஞ்சிருக்கு, ரெண்டாவது இடம் காலி. வண்டி போர்ட்டிகோவுக்கு வந்ததும் சமையலறை போன் எட்டுற தூரத்துக்கு வருது. சாதாரண போன் புளூடூத் சுமார் 10 மீட்டர் எட்டும், நடுவில் ஒரு ஜன்னல் இருந்தா அதுக்குத் தடை இல்லை. காலி இடத்தில் அது வந்து உட்காருது. கடைசியா இணைஞ்சது இப்போ அதுதான். மறுநாள் காலையில் கார் அதைத்தான் முதல்ல கூப்பிடும். அவங்க நடக்கப் போயிருந்தா பதில் வராது, அடுத்ததா நீங்க. அதான் அந்த "சில நாள்" கணக்கு.

மாத்த வேண்டிய இடம் காரில்தான், போனில் இல்லை. புளூடூத் செட்டிங்ஸ் உள்ளே போய்த் தேடுங்க. ஹூண்டாய், கியா திரைகளில் இதுக்கு `Auto Connection Priority`னு பேர். செவர்லே மாதிரி ஜிஎம் வண்டிகளில் போன் பேருக்குப் பக்கத்து மெனுவில் `First to Connect`. வேறு சிலதில் நட்சத்திரக் குறி. கடைசியா இணைஞ்ச போனா, குறிப்பிட்ட ஒரு போனான்னு கேட்கும். குறிப்பிட்ட போனைத் தேர்வு பண்ணி உங்க பேரை வையுங்க. வண்டி ஓடிக்கிட்டிருந்தா இந்த மெனு மங்கலா இருக்கும், நிறுத்தி பார்க்கிங் பிரேக் போட்டுட்டுச் செய்யணும்.

இன்னொண்ணு. முன்னுரிமை வச்சா உங்க போன் முதல்ல வரும், அவ்வளவுதான். ரெண்டாவது இடத்தில் சமையலறை போன் வந்து உட்காரறதை அது தடுக்காது. குரல் ஸ்பீக்கரில் வர்ற பிரச்சனை அப்படியே இருக்கும். அதுக்குத் தனி வைத்தியம்.

சங்கீதா_ரா

ராஜா சார் சொன்ன "புளூடூத்தை ஆஃப் பண்ணுங்க" ஐபோனில் நினைக்கிற மாதிரி நடக்காது. மேலே இருந்து இழுக்கிற கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் பட்டனைத் தட்டினா அது அணைக்கிறது இல்லை, இருக்கிற இணைப்புகளை மட்டும் நாளை வரை அறுக்குது. விடியற்காலை 5 மணிக்குத் தானா திரும்பி வந்துடும். காலை எட்டு மணிக்குக் கதிர் சார் வண்டி எடுக்கும்போது அது தயாரா உட்கார்ந்திருக்கும். `Settings` உள்ளே போய் அணைச்சாத்தான் அணைஞ்சே இருக்கும். அப்படி அணைச்சா கையில் இருக்கிற வாட்ச், காதில் இருக்கிற பட்ஸ் எல்லாத்துக்கும் தொல்லை. ஒரு காருக்காக ஒருத்தர் தன் போனை ஊமையாக்கணுமா?

பழனி_கால்டாக்ஸி

அண்ணே, நம்ம கேஸ் கொஞ்சம் வேற. ரெண்டு போனும் என்னுதுதான், ரெண்டும் ஆண்ட்ராய்டு. ஒண்ணுல டிரிப் ஆப்பும் மேப்பும், இன்னொண்ணு சொந்த நம்பர். மேப் சொல்ற "வலதுபுறம் திரும்பவும்" ஸ்பீக்கர்ல வரணும், கால் மட்டும் சொந்த போன்ல இருந்து வரணும். இப்போ ரெண்டும் சண்டை போடுது. முன்னுரிமை வச்சா சரியாகுமா?

வயரிங்_செல்வம்

பழனி தம்பி, உங்களுக்கு முன்னுரிமை தேவையே இல்லை, வேலையைப் பிரிச்சுக் கொடுத்தாப் போதும். மேப் போனில் புளூடூத் பட்டியலில் கார் பேருக்குப் பக்கத்துப் பற்சக்கரத்தைத் தட்டுங்க. `Phone calls`, `Media audio`னு தனித்தனி சுவிட்ச் இருக்கும். சாம்சங்கில் `Calls`, `Audio`னு இருக்கும். மேப் போனில் கால் சுவிட்சை அணைச்சிடுங்க, பாட்டு சுவிட்ச் மட்டும் இருக்கட்டும். சொந்த போனில் இதுக்கு நேர் எதிர். இனி ரெண்டும் ஒரே இடத்துக்கு அடிச்சுக்காது. காரும் ரெண்டு போனை ஏத்துக்கிற யூனிட்டா இருக்கணும்கிறது முக்கியம்.

ஒரு குறை உண்டு. பயணி புக் பண்ணிட்டு மேப் போன் நம்பருக்குக் கூப்பிட்டா அந்த கால் ஸ்பீக்கரில் வராது. மேப் குரலே வரலைன்னா கூகுள் மேப்ஸ் நேவிகேஷன் செட்டிங்ஸில் புளூடூத் வழியா குரல் ஒலிக்கிற தேர்வு போட்டிருக்கான்னு பாருங்க, காரில் ஆடியோ மூலம் ரேடியோவில் நிற்குதான்னும் பாருங்க.

கதிர், இதையே நீங்க உங்க வீட்டில் செய்ய முடியாது. ஐபோனில் இந்தத் தனி சுவிட்சுகள் கிடையாது. ஐபோனுக்கு எந்தச் சேவைன்னு காரின் திரையில்தான் முடிவு பண்ணணும்.

ரேடியோ_ராஜா

என் வீட்டிலும் ரெண்டு கார் இருக்கு, ஒரே போன் ரெண்டிலும் மாறி மாறிப் போகுது. அதுக்கும் இதே செட்டிங்தானா?

வயரிங்_செல்வம்

அது வேற கதை ராஜா. அங்கே கார்கள்தான் உங்க போனுக்குப் போட்டி போடுது, எந்தக் காருக்கு முதலில் சாவி போடுறீங்களோ அது ஜெயிக்கும். இந்த இழையில் வேண்டாம், தனியா போடுங்க.

நாற்பது_பின்

செல்வம் சொன்ன மெனுவே இல்லாத யூனிட்கள் நிறைய. பழைய யூனிட், வெளியில வாங்கி மாட்டின ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ எல்லாம் அந்த ரகம். அதில் யூனிட் எந்த விதியில் ஓடுதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். சோதனை சுலபம், இன்ஜின் ஓட வேண்டாம், சாவி ஏசிசியில் இருந்தாப் போதும்.

ரெண்டு போனையும் காருக்குள்ளே வையுங்க. முதல் போன் அ, ரெண்டாவது ஆ. கையால ஆ-வை இணைங்க, அ-வை அறுத்து விடுங்க. சாவியை அணைச்சு ஓட்டுநர் கதவைத் திறங்க. கதவு திறந்தாத்தான் நிறைய வண்டிகளில் திரை உண்மையா அணையும், இதை மறந்தா சோதனையே பொய். போனில் கார் பேருக்குக் கீழே இணைப்பு போயிடுச்சுன்னு தெரியுற வரைக்கும் காத்திருங்க, அப்புறம் ஒரு ரெண்டு நிமிஷம். திருப்பிப் போடுங்க. ஆ வந்தா குறிச்சுக்கோங்க. இப்போ இதையே அ-வைக் கடைசியா வச்சுச் செய்யுங்க. ரெண்டு முறையும் கடைசியா விட்டதே வந்தா, விதி "கடைசியா இணைஞ்சது". எப்படி விட்டாலும் ஒரே போன் வந்தா, விதி லிஸ்ட் வரிசை. ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க, மூணு தடவையாவது பாருங்க. போனே சில நேரம் தானா காரைத் தேடி ஓடும், அது கணக்கைக் கலைக்கும்.

லிஸ்ட் வரிசைன்னா, எல்லா போனையும் அழிச்சுட்டு வேண்டிய வரிசையில் மறுபடி பேர் பண்ணணும். சில யூனிட்டில் முதல்ல பேர் பண்ணினவர் மேலே, சிலதில் கடைசியா பேர் பண்ணினவர் மேலே. சோதனையில் எந்த போன் வந்துச்சோ, அது எப்போ பேரிங் ஆச்சுன்னு பார்த்தா புரிஞ்சிடும்.

அழிக்கும்போது காரிலும் போனிலும், ரெண்டு பக்கமும் அழிங்க. ஒரு பக்கம் மட்டும் அழிச்சா மறு பக்கத்தில் பழைய பேரிங் பதிவு தங்கிடும். அப்புறம் இணைக்கப் பார்த்தா பின் தப்புன்னோ, பேரிங் மறுக்கப்பட்டதுன்னோ வந்து நிற்கும். "யூனிட் ரிப்பேர்"னு கடைக்கு வர்ற வண்டிகளில் இது ஒரு பெரிய பங்கு.

வடவள்ளி_கதிர்

மெனு கிடைச்சது, என் போனை வச்சிட்டேன். நாலு நாளா காலையில் என் போன்தான் முதல்ல. ஆனா செல்வம் சொன்ன மாதிரியே ஒரு நிமிஷத்தில் அவங்க போன் ரெண்டாவதா வந்து ஒட்டிக்குது. நேத்து தெருமுனை தாண்டுறதுக்குள்ள அவங்க தங்கச்சி கூப்பிட்டது என் வண்டியில் மணி அடிச்சது.

வயரிங்_செல்வம்

அதுக்கு என் யோசனை: ஐபோனை காரின் புளூடூத் லிஸ்ட்ல இருந்தே எடுத்திடுங்க, ஐபோனிலும் `Forget This Device` கொடுங்க. சனிக்கிழமை கேபிள் போட்டு கார்ப்ளே. கேபிள் வழி கார்ப்ளேக்கு புளூடூத் பேரிங் தேவையில்லை, கால், பாட்டு, காண்டாக்ட்ஸ் எல்லாம் கேபிளிலேயே போகும். கேபிளைச் செருகினா அவங்க கார், உருவினா உங்க கார். சமையலறை வரைக்கும் கேபிள் எட்டாது.

முதல் தடவை போனின் பூட்டைத் திறந்து வச்சுச் செருகுங்க, கார்ப்ளே அனுமதி கேட்கும். சார்ஜ் மட்டும் ஏத்துற மலிவு கேபிள் வேலைக்கு ஆகாது, டேட்டா போகிற கேபிள் வேணும்.

சங்கீதா_ரா

யோசனை நல்லாதான் இருக்கு. ஆனா எல்லாரும் பேசறது கதிர் சார் போன் "முதல் போன்", அவங்களது "தவறான போன்"ங்கிற மாதிரி. சனிக்கிழமை ஓட்டுறது அவங்க. அன்னிக்குக் கதிர் சார் பக்கத்து சீட்ல இருந்தா அவர் போன்தானே முதல்ல வரும்?

வயரிங்_செல்வம்

வரும்மா, சரியான கேள்வி. முன்னுரிமை போனுக்குத்தான், ஓட்டுறவருக்கு இல்லை. யார் ஓட்டுறாங்கன்னு சாவியையோ புரொஃபைலையோ வச்சுத் தெரிஞ்சுக்கிற வண்டிகள் உண்டு, அதில் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் ஒரு போன் கட்டலாம். கதிர் யூனிட்டில் அது இருந்தா மெனுவிலேயே தெரிஞ்சிருக்கும். இல்லாத பட்சத்தில் அவங்க கேபிளைச் செருகினதும் திரை அவங்களோடது ஆயிடும். கதிர் போனோட கால் இணைப்பு சில யூனிட்டில் தானா அறுந்திடும், சிலதில் பின்னாடி ஒட்டிக்கிட்டே இருக்கும். ஒட்டிக்கிட்டிருந்தா லிஸ்ட்ல அவர் பேரைத் தட்டி அறுத்து விடணும், அதை மாத்த வழி இல்லை.

நாற்பது_பின்

கேபிள்னு வந்ததால ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு போனுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. கேபிள் போட்ட ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் கால் புளூடூத் வழியாத்தான் போகும். செருகின உடனே அதுவே புளூடூத்தைப் பேர் பண்ணிக்கும். பின் சீட்ல இருக்கிற ஒருத்தர் "சார்ஜ் மட்டும் போட்டுக்கிறேன்"னு தன் ஆண்ட்ராய்டை முன் பக்க யூஎஸ்பியில் செருகி ஆட்டோ ஸ்டார்ட் ஆச்சுன்னா, உங்க கால் இணைப்பு அங்கே தாவிடும். சார்ஜுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட் அடாப்டர்தான் நல்லது, இல்லேன்னா சார்ஜ் மட்டும் தர்ற பின் பக்க போர்ட். ஏற்கெனவே நுழைஞ்சிட்டா, அந்த போனின் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் முன்பு இணைஞ்ச கார்கள் பட்டியலில் இருந்து இந்தக் காரை எடுத்திடுங்க. கார் பக்கத்து புளூடூத் லிஸ்ட்லயும் பாருங்க, அவங்க பேரும் அங்கே உட்கார்ந்திருக்கும்.

வடவள்ளி_கதிர்

ஐபோனை எடுத்தாச்சு, காலை நிம்மதி. இப்போ காண்டாக்ட்ஸ். என் போனில் இருந்து பேர்கள் இறங்குது, ஆனா அம்மா, பெரியப்பா, பால்காரர் இவங்க எல்லாம் வெறும் கட்டம் கட்டமா தெரியுது. இன்னும் சில பேர் வரவே இல்லை.

இலஞ்சி

கட்டம் தெரிவதற்குக் காரணம், நீங்கள் அந்தப் பெயர்களைத் தமிழில் பதிந்திருக்கிறீர்கள். புளூடூத் வழியே பெயர் எழுத்தாகத்தான் காருக்குப் போகிறது. அதைத் திரையில் வரைவது காரின் எழுத்துரு. அதில் தமிழ் இல்லாவிட்டால் கட்டம்தான். எண் சரியாகவே இருக்கும், அழைப்பும் போகும்.

கேபிள் போட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோவில் பாருங்கள், அதே பெயர்கள் அழகாகத் தமிழில் தெரியும். அங்கே படத்தை வரைவது உங்கள் போன். புளூடூத்தில் மட்டுமே ஓட்டப்போகிறீர்கள் என்றால், அடிக்கடி அழைக்கும் பத்துப் பதினைந்து பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் `Amma`, `Periyappa` என்று மாற்றினால் போதும். மாற்றியபின் காரில் தொலைபேசிப் பட்டியலை மீண்டும் இறக்கச் சொல்ல வேண்டும். சில யூனிட்கள் தானாகப் புதுப்பிக்காது.

வராத பெயர்களுக்கு, கடைசியாக வந்த பெயர் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அகரவரிசையில் ஓர் இடத்தோடு பட்டென்று நின்றிருந்தால், காரின் கொள்ளளவு நிரம்பிவிட்டது. அந்த எண்ணிக்கை காரின் கையேட்டில் இருக்கும். நடு நடுவே விடுபட்டிருந்தால் அந்தப் பெயர்கள் சிம்மிலோ வேறு கணக்கிலோ இருக்க வாய்ப்பு அதிகம். கூகுள் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒருவரும் வரவில்லை என்றால் வேறு காரணம்: பேர் செய்யும்போது தொடர்புகளைப் பகிரலாமா என்று போன் கேட்டதை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். பற்சக்கரத்துக்குள் அந்தச் சுவிட்ச் இருக்கும். ஐபோனில் கார் பெயருக்குப் பக்கத்து `i` குறிக்குள் `Sync Contacts`.

வடவள்ளி_கதிர்

கட்டம் விஷயம் சரியாச்சு, நன்றி. விடுபட்டதில் பாதி சிம்மில் இருந்தது, மாத்திட்டேன். மீதி ஒரு முப்பது பேர் கூகுள் கணக்கில்தான் இருக்காங்க, ஆனாலும் வரலை. S எழுத்திலும் இருக்கு, K எழுத்திலும் இருக்கு, ஒரு ஒழுங்கும் தெரியலை.

நாற்பது_பின்

அந்த முப்பதில் ரெண்டு மூணைத் திறந்து பாருங்க. ஒரே பேருக்குக் கீழே நிறைய நம்பரா, இல்லை பேர் காலியா நிறுவனப் பேர் மட்டுமா? ரெண்டுமே சில யூனிட்டுக்கு ஜீரணமாகாது. அதுவும் இல்லைன்னா எனக்குப் பிடிபடலை.

பழனி_கால்டாக்ஸி

செல்வம் அண்ணே, பிரிச்சுக் கொடுத்தேன், மேப் ஒரு பக்கம் கால் ஒரு பக்கம், சூப்பர். ஒரே ஒரு தொல்லை. கால் பேசிக்கிட்டிருக்கும்போது மேப் ஊமையாயிடுது. திருப்பம் தாண்டின பிறகுதான் தெரியுது.

வயரிங்_செல்வம்

கால் நடக்கும்போது யூனிட் பாட்டு வழியை மூடிடும் தம்பி, மேப் குரலும் அந்த வழியிலதான் வருது. மேப் போனில் புளூடூத் குரலை அணைச்சு, போன் ஸ்பீக்கரிலேயே சத்தமா ஒலிக்க விட்டு டேஷ்போர்டு ஸ்டாண்டில் வச்சுப் பாருங்க. கால் ஸ்பீக்கரில், வழி போனில்.